பதினைந்து தரம் பாதியாக்கினால் ஒரு செக்கன்

நல்லூரில் இருக்கும் என் அக்காவின் மகன் சென்ற விடுமுறையில் ஒரு டிஜிட்டல் மணிக்கூடு செய்தான். இலக்கங்கள் ஒளிர்ந்தன, செக்கன் ஓடியது, அறுபது ஆனதும் நிமிடம் மாறியது. மாலை 6 மணிக்கு நேரத்தைச் சரிசெய்து வைத்துவிட்டுப் படிக்கப் போனான். சுவரில் இருந்த மணிக்கூடு ஏழரை காட்டியபோது அவனுடையது ஒன்பது காட்டியது.

"மாமா, எங்கேயோ பிழை. இரண்டு மடங்கு வேகத்தில் ஓடுகிறது" என்றான்.

சரியாக இரண்டு மடங்கு என்று அவன் சொன்னதுதான் எனக்குப் பிடித்துக்கொண்டது. கொஞ்சம் கூடவோ குறையவோ ஓடியிருந்தால் பல இடங்களில் தேட வேண்டியிருக்கும். சரியாக இரண்டு மடங்கு என்றால் தேட வேண்டிய இடம் ஒன்றுதான்: பாதியாக்கும் சங்கிலியில் ஒரு கண்ணி குறைகிறது. அந்தச் சங்கிலி என்ன, அதில் எத்தனை கண்ணி, குறைந்த கண்ணி எங்கே போனது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எந்த மணிக்கூட்டுக்கும் ஒரே சீராக அசையும் பொருள் ஒன்று வேண்டும். பழைய மணிக்கூட்டுக் கோபுரங்களில் அது ஊசல். மின்சாரத்தில் ஓடிய பழைய டிஜிட்டல் மணிக்கூடுகளில் அது மின்னிணைப்பே. இலங்கையில் வீட்டு மின்சாரம் செக்கனுக்கு 50 தரம் அலைகிறது. அந்த ஐம்பதை எண்ணினால் ஒரு செக்கன். ஆனால் மின்சாரம் நின்றால் நேரமும் நிற்கும். தொண்ணூறுகளில் மின்சாரமும் இல்லாமல், பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருளாகி, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட எங்களுக்கு அதை நம்பி மணிக்கூடு செய்யத் தோன்றாது. ஆகவே பளிங்கு. கடையில் கிறிஸ்டல் என்று கேட்டால் தருவார்கள். ஓடாமல் போன சுவர் மணிக்கூட்டைத் திறந்தாலும் உள்ளே கிடைக்கும்: அரிசியைவிடச் சற்றுப் பெரிய, வெள்ளிநிறமான சிறு உருளை, ஒரு முனையில் மயிர்போன்ற இரண்டு கால்கள்.

அந்த உருளைக்குள் காற்று அகற்றப்பட்ட இடத்தில் குவார்ட்ஸால் செய்த மிகச்சிறிய இசைக்கவை ஒன்று இருக்கிறது. பள்ளி ஆய்வுகூடத்தில் தட்டிக் காதருகே பிடித்தோமே, அதே இரண்டு விரல் வடிவந்தான். குவார்ட்ஸுக்கு மின்னழுத்தம் கொடுத்தால் அது வளையும்; வளைந்தால் தானே மின்னழுத்தம் தரும். இந்த இரண்டு குணத்தையும் ஒரு பெருக்கியுடன் சேர்த்துவிட்டால் அது தன் இயல்பான மீடிறனில் ஓயாமல் அதிரும். நம் உருளையில் அந்த மீடிறன் செக்கனுக்கு 32768.

ஏன் அப்படியொரு விகாரமான எண்? ஏன் 30000 இல்லை? 32768ஐப் பாதியாக்குங்கள், மீண்டும் பாதியாக்குங்கள், இப்படியே போங்கள்.

```
32768 16384 8192 4096 2048 1024 512 256
128 64 32 16 8 4 2 1
```

மீதியே இல்லாமல் ஒன்றில் வந்து நிற்கிறது. 30000 என்றால் நான்கு தரம் பாதியாக்கியதும் 1875 வரும். அது ஒற்றை எண், அதற்குமேல் பாதியாக்க முடியாது. 32768 என்பது இரண்டைப் பதினைந்து தரம் பெருக்கிய எண், அதாவது `2^15`. பாதியாக்குவது மின்னணுவியலில் மிக மலிவான வேலை. ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தைந்தால் வகுப்பது அப்படியல்ல. ஆகவே பாதியாக்கிக்கொண்டே போனால் ஒன்றில் முடியும் எண்ணைத் தேர்ந்து, அதற்கேற்பப் பளிங்கை வெட்டுகிறார்கள். 1969இல் வெளிவந்த முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரமான செய்க்கோ அஸ்ட்ரோனில் பளிங்கு 8192 தரம் அதிர்ந்தது. மேலே உள்ள வரிசையில் அதுவும் இருக்கிறது. அதற்குப் பதின்மூன்று பாதி போதும்.

இனிக் கண்ணி ஒன்றைப் பார்ப்போம். மேசையில் கிடக்கும் குமிழ்முனைப் பேனாவை எடுங்கள், மேலே அழுத்தினால் முனை வெளியே வரும் வகை. ஒருமுறை அழுத்தினால் முனை வெளியே. மறுமுறை அழுத்தினால் உள்ளே. உங்கள் விரல் இரண்டு தரம் போய்வந்தால்தான் முனை ஒரு தரம் போய்வருகிறது. விரலின் அசைவை முனை பாதியாக்கிவிட்டது. பிளிப்-பிளொப் என்ற சுற்று செய்வது இவ்வளவுதான். துடிப்பு ஒன்று வரும்போதெல்லாம் தன் நிலையை மாற்றிக்கொள்ளும்: தாழ்வில் இருந்தால் உயர்வு, உயர்வில் இருந்தால் தாழ்வு.

முதல் பேனாவின் முனை இரண்டாவது பேனாவை அழுத்துமாறு வைத்தால் காற்பங்கு, மூன்றாவதையும் சேர்த்தால் அரைக்காற்பங்கு. இப்படிப் பதினைந்து பேரை வரிசையாக நிறுத்தியதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் தன் தோளில் இரண்டு தட்டு விழுந்ததும் பக்கத்தில் நிற்பவரின் தோளில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். முதலாமவர் செக்கனுக்கு 32768 தட்டு வாங்கித் திணறுவார். கடைசியில் நிற்பவர் செக்கனுக்கு இரண்டு வாங்கி ஒன்று கொடுப்பார். அந்த ஒன்றுதான் நமக்கு வேண்டிய துடிப்பு.

இங்கே மருமகன் நல்ல கேள்வி ஒன்று கேட்டான். ஒவ்வொருவரும் தட்டுவதற்குக் கொஞ்ச நேரம் எடுப்பார்களே, பதினைந்து பேரின் தாமதமும் சேர்ந்து மணிக்கூடு பிந்திவிடாதா? தாமதம் உண்டு. ஒரு கண்ணி மாற ஒரு மைக்ரோ செக்கனுக்கும் குறைவான நேரம் ஆகும். பதினைந்துக்கும் சேர்த்துச் சில மைக்ரோ செக்கன். ஆனால் அந்தத் தாமதம் ஒவ்வொரு செக்கனிலும் அதே அளவாக வருகிறது. முதல் துடிப்பும் அவ்வளவே பிந்துகிறது, ஆயிரமாவது துடிப்பும் அவ்வளவே பிந்துகிறது. ஆகவே இரண்டு துடிப்புகளுக்கு இடையிலான தூரம் மாறுவதில்லை, பிந்தல் நாளுக்குநாள் சேர்வதும் இல்லை.

பதினைந்து பிளிப்-பிளொப்பையும் தனித்தனியே வாங்கிப் பொருத்த வேண்டியதில்லை. 4060 என்ற எண் பொறித்த பதினாறு கால் ஐ.சி. ஒன்று இருக்கிறது. பளிங்கை அதிர வைக்கும் பெருக்கியும் பாதியாக்கும் சங்கிலியும் அதற்குள் ஒன்றாகவே இருக்கின்றன. மணிக்கூடு செய்பவர்களுக்கென்றே பிறந்தது போன்ற பொருள். ஆனால் அதற்குள் இருப்பவை பதினான்கு கண்ணிகள். பதினைந்து அல்ல.

மருமகனின் மணிக்கூடு ஓடிய ஓட்டத்துக்குக் காரணம் இதுதான். 4060இன் கடைசிக் கண்ணி வெளிவரும் 3ஆம் காலை அவன் நேரே செக்கன் எண்ணும் பகுதியில் கொடுத்திருந்தான். கடைசிக் கால் என்றால் ஒரு செக்கன் என்று எடுத்துக்கொண்டான். பதினான்கு பாதிக்குப் பிறகு அங்கே இருப்பது செக்கனுக்கு இரண்டு துடிப்பு.

பதினைந்தாவது கண்ணியை வெளியே சேர்க்க வேண்டும். அதற்கு 4013 என்ற ஐ.சி. பொருத்தம். அதில் இரண்டு பிளிப்-பிளொப் உண்டு. நமக்கு ஒன்று போதும். இது பேனாவைப் போலத் தானாக மாறுவதில்லை. துடிப்பு ஏறும் கணத்தில் 5ஆம் காலில் என்ன இருக்கிறதோ அதை 1ஆம் காலில் வெளியிடும், அவ்வளவே. 1ஆம் காலில் இருப்பதன் எதிர்நிலை எப்போதும் 2ஆம் காலில் இருக்கும். ஆகவே 2ஆம் காலையும் 5ஆம் காலையும் ஒரு கம்பியால் இணைத்துவிட்டால், ஒவ்வொரு துடிப்பிலும் அது தனக்கு நேர் எதிரான நிலையை எடுத்துக்கொள்ளும். பேனா ஆகிவிட்டது. 4060இன் 3ஆம் காலிலிருந்து 4013இன் 3ஆம் காலுக்கு ஒரு கம்பி. 4013இன் 1ஆம் காலில் செக்கனுக்கு ஒரு துடிப்பு. 4ஆம், 6ஆம் கால்கள் அதை வலிந்து தாழ்வாகவோ உயர்வாகவோ ஆக்குபவை. இரண்டையும் பூச்சியத்தில், அதாவது மின்வழங்கலின் எதிர்முனையில், கட்டிவிட வேண்டும். பயன்படுத்தாத மற்றப் பாதியின் உள்ளீட்டுக் கால்களையும் (8, 9, 10, 11) அப்படியே கட்ட வேண்டும். இந்தக் குடும்பத்து ஐ.சி.களில் எதிலும் கட்டாத உள்ளீட்டுக் கால் காற்றில் உள்ள இரைச்சலை எல்லாம் பிடிக்கும். கை அருகே போனால் ஓடி, கையை எடுத்தால் நிற்கும் சுற்றுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் இதுதான் காரணம்.

சங்கிலியின் தலைப்பக்கத்தை இன்னும் கவனமாகச் செய்ய வேண்டும். 4060இன் 10ஆம், 11ஆம் கால்களுக்கு இடையில்தான் பளிங்கு நிற்கிறது. அந்த இரண்டு கால்களுக்கும் குறுக்கே 10 மெகா ஓம் தடையி ஒன்று. அது இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் பெருக்கி ஒரு பக்கம் சாய்ந்தே நின்றுவிடும், பளிங்கு தொடங்காது. அடுத்து, 10ஆம் காலுக்கும் பளிங்குக்கும் நடுவே 330 கிலோ ஓம் தடையி. பலர் இதைத் தேவையற்றது என்று விட்டுவிடுகிறார்கள். இந்த இசைக்கவை மிக மெல்லியது, ஐ.சி.யின் முழுப் பலத்தையும் நேரே கொடுத்தால் அது தன் இயல்பான அதிர்வை விட்டு வேறு பல மடங்கு மீடிறனுக்குத் தாவக்கூடும், காலப்போக்கில் பழுதாகவும் கூடும். பளிங்கின் இரண்டு கால்களிலிருந்தும் பூச்சியத்துக்கு 22 பிக்கோபரட் கொள்ளளவி ஒவ்வொன்று. 12ஆம் கால் எண்ணிக்கையை அழிப்பது. அதையும் பூச்சியத்தில் கட்டுங்கள். 16ஆம் காலில் 5 வோல்ற், 8ஆம் காலில் பூச்சியம். கைபேசிச் சார்ஜர் ஒன்று போதும்.

பளிங்கின் கால்களை உருளைக்கு ஒட்டினாற்போல் வளைக்காதீர்கள். அந்த இடத்தில் இருக்கும் கண்ணாடி அடைப்பு வெடித்தால் உள்ளே காற்றுப் புகுந்துவிடும். வெளியில் பார்த்தால் எதுவும் தெரியாது.

இனிச் சுற்று ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். முதலில் எல்லோர் கையும் பளிங்கின் காலுக்குத்தான் போகும், மானியின் முனையை அங்கே வைத்துப் பார்க்க. வைத்தால் மானியின் கம்பியே கொள்ளளவியாகச் சேர்ந்து அதிர்வை மாற்றிவிடும், சில வேளை நிறுத்தியும் விடும். சங்கிலியே இதற்கு வழி தருகிறது. 4060இன் 7ஆம் காலில் நான்காவது கண்ணி வெளிவருகிறது. அங்கே 2048 இருக்க வேண்டும். அந்தக் காலைத் தொடுவதால் பளிங்குக்கு ஒன்றும் ஆகாது, நடுவில் நான்கு கண்ணிகள் காவல் நிற்கின்றன. மீடிறன் அளக்கும் பன்மானி இருந்தால் அது 2048 காட்டும். அங்கே அதைவிடப் பல மடங்கு பெரிய எண் வந்தால் பளிங்கு தாவிவிட்டது என்று பொருள். 330 கிலோ ஓம் தடையியைப் பாருங்கள்.

பன்மானி இல்லாதவர்களுக்கு எல்.ஈ.டி. போதும். 4060இன் 1ஆம் காலில் செக்கனுக்கு எட்டு, 2ஆம் காலில் நான்கு, 3ஆம் காலில் இரண்டு சிமிட்டல். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதியாதல் என்பது கண்ணுக்கே தெரியும். பேனாக் கதையைக் கேட்டபோது தலையாட்டிக்கொண்டிருந்த மருமகனுக்கு அந்த மூன்று வெளிச்சத்தைப் பார்த்த பிறகுதான் விஷயம் உண்மையில் பிடிபட்டது.

அதே எல்.ஈ.டி. அடுத்த சிக்கலையும் கொண்டுவந்தது. 3ஆம் காலில் எல்.ஈ.டி. அழகாகச் சிமிட்டியது, ஆனால் 4013 அசையவில்லை. எல்.ஈ.டி.யைக் கழற்றினால் அசைந்தது. அவன் எல்.ஈ.டி.யுடன் 470 ஓம் தடையி போட்டிருந்தான். இந்த ஐ.சி.களின் கால்கள் 5 வோல்ற்றில் ஒன்றிரண்டு மில்லி அம்பியரைத்தான் தரும். அதற்குமேல் கேட்டால் காலின் வோல்ற் சரிந்துவிடும். சிவப்பு எல்.ஈ.டி. ஏறத்தாழ 1.8 வோல்ற்றைப் பிடித்துக்கொள்ளும். ஒன்றரை மில்லி அம்பியருக்கு 470 ஓமில் விழுவது 0.7 வோல்ற். இரண்டும் சேர்ந்தால் கால் இரண்டரை வோல்ற்றில் நிற்கிறது. 4013க்கு உயர்வு என்று புரிய 3.5 வோல்ற் வேண்டும். எல்.ஈ.டி. எரிவதற்குப் போதுமான அளவு அடுத்த ஐ.சி.க்குப் போதவில்லை. தடையியை 4.7 கிலோ ஓமாக மாற்றினோம். அரை மில்லி அம்பியர்தான் ஓடியது, கால் நான்கு வோல்ற்றுக்கு மேலே நின்றது, எல்.ஈ.டி.யும் சற்று மங்கலாக எரிந்தது, 4013 ஓடத் தொடங்கியது.

இப்போது ஒன்றரை மணி நேரத்தில் ஒன்றரை மணி நேரம் ஓடும் மணிக்கூடு கையில் இருந்தது. நல்லூர்க் கோயிலில் பூசை நேரம் தவறுவதில்லை. அந்த மணியோசையுடன் ஒப்பிட்டு "சரியாக இருக்கிறது" என்று அவன் அம்மாவிடம் காட்டினான். நிமிடத்துக்கு அது போதும். செக்கனுக்குக் கைபேசி நேரத்துடன் ஒப்பிடச் சொன்னேன்; உடனே அல்ல, பத்து நாள் கழித்து.

ஏன் பத்து நாள்? சங்கிலி எண்ணுவதில் பிழை விடாது. ஆனால் தலைப்பக்கத்தில் வரும் பிழையைத் திருத்தவும் மாட்டாது. பளிங்கு பத்து இலட்சத்தில் இருபது பங்கு மெதுவாக அதிர்ந்தால், பதினைந்து கண்ணிக்குப் பிறகு செக்கனும் அதே இருபது பங்கு நீளமாகவே வரும். 7ஆம் காலில் அது 2048க்குப் பதில் 2047.96 ஆக இருக்கும். சாதாரணப் பன்மானிக்கு அந்த வித்தியாசம் தெரியாது. நாட்கள்தான் அதைப் பெரிதாக்கிக் காட்டும். ஒரு நாளில் 86400 செக்கன்; பத்து நாளில் 864000. ஆகவே பத்து நாளில் ஒரு செக்கன் பிந்தினால் அது பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். விலையுயர்ந்த கருவி இல்லாமலே அவ்வளவு நுட்பமாக அளந்துவிடலாம்.

பத்தாம் நாள் மணிக்கூடு 17 செக்கன் பிந்தியிருந்தது. பத்து இலட்சத்தில் இருபது பங்கு.

கடையில் கிடைக்கும் பளிங்குகள் அவ்வளவு வித்தியாசத்துடன் வருவது வழக்கந்தான். ஆனால் நாங்களும் கொஞ்சம் பிந்த வைத்திருந்தோம். இந்தப் பளிங்கு 12.5 பிக்கோபரட் கொள்ளளவு சுமத்தப்பட்டால்தான் 32768இல் அதிரும்படி செய்யப்பட்டது. அதன் பார்வையில் நமது 22, 22 கொள்ளளவிகள் இரண்டும் தொடர்நிலையில் இருக்கின்றன, ஆகவே 11தான். அதோடு சுற்றைப் பொருத்தியிருந்த பிரெட்போர்டின் உலோகப் பட்டைகளும் ஐ.சி.யின் கால்களும் கண்ணுக்குத் தெரியாமல் நான்கு பிக்கோபரட் அளவு சேர்க்கின்றன. மொத்தம் 15. சுமை கூடினால் அதிர்வு மெதுவாகும். இரண்டரை பிக்கோபரட் மிகையே நாளொன்றுக்கு ஒன்றரை செக்கன் அளவுக்குப் பிந்த வைக்கும்.

இதில் எவ்வளவு பளிங்கின் குறை, எவ்வளவு சுமையின் குறை என்று பிரித்தறியத் தேவையில்லை, இரண்டையும் ஒரே திருகால் சரிசெய்யலாம். 11ஆம் கால் பக்கத்துக் கொள்ளளவியை எடுத்துவிட்டு, 5 முதல் 30 பிக்கோபரட் வரை மாற்றக்கூடிய திருகுக் கொள்ளளவி ஒன்றைப் போட்டோம். அதை 13 அளவில் வைத்தால் 22உடன் தொடர்நிலையில் 8 வரும், பிரெட்போர்டும் ஐ.சி.யும் சேர்க்கும் நான்கையும் கூட்டினால் 12. இரும்புத் திருப்புளியால் திருகினால் திருப்புளியும் கையும் சேர்ந்து கொள்ளளவை மாற்றிவிடும். எடுத்ததும் வேறு இடத்தில் நிற்கும். காய்ந்த பனைமட்டைத் துண்டு ஒன்றைத் தட்டையாகச் சீவித் திருகினோம்.

வெப்பத்தையும் மறக்கக் கூடாது. இந்தப் பளிங்குகள் 25 பாகை செல்சியஸில் மிக வேகமாக அதிர்கின்றன. அதிலிருந்து சூடானாலும் குளிர்ந்தாலும் மெதுவாகின்றன. விலகலின் வர்க்கத்தை 0.035ஆல் பெருக்கினால் பத்து இலட்சத்தில் எத்தனை பங்கு என்று கிடைக்கும். சித்திரை மாதத்தில் நம் அறை 33 பாகை என்றால் விலகல் 8, வர்க்கம் 64, பிந்தல் இரண்டேகாற் பங்கு: மாதத்துக்கு ஆறு செக்கன். தகரக் கூரைக்குக் கீழே 45 பாகையில் வைத்தால் பதினான்கு பங்கு, நாளுக்கு ஒரு செக்கனுக்கு மேல். ஆகவே மணிக்கூடு எங்கே இருக்கப் போகிறதோ அங்கேயே வைத்துத் திருக வேண்டும். குளிரூட்டிய அறையில் சரிசெய்து கூடத்தில் மாட்டினால் அது பிந்தத்தான் செய்யும்.

கூடத்திலேயே வைத்து, திருகிய பிறகு இன்னொரு பத்து நாள் விட்டோம். இம்முறை மூன்று செக்கன் முந்தியிருந்தது. திருகை மயிரளவு இறுக்கினோம். அடுத்த பத்து நாளில் கைபேசியோடு வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபடவில்லை. அக்காவின் நகப்பூச்சில் ஒரு துளி எடுத்துத் திருகின்மேல் விட்டு, அது அசையாதபடி காயவைத்தோம்.